எதுவும் இன்றியமையாததன்று: சுழல் அட்டவணையில் மிகக்குறைந்த தேர்வு



மூவர் கொண்ட குழு ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தலைவர், மற்ற இருவர் உறுப்பினர். மூவர் முன்னும் ஒவ்வொரு பொத்தான் உண்டு. இசைவு என்றால் பொத்தானை அழுத்த வேண்டும். மறுப்பு என்றால் அழுத்தாமல் விட வேண்டும். தலைவருடைய கருத்தோடு மற்ற இருவருள் ஒருவரேனும் ஒத்திருந்தால் சுவரிலுள்ள விளக்கு எரிய வேண்டும். இருவரும் தலைவருக்கு மாறாக நின்றால் விளக்கு அணைந்திருக்க வேண்டும். இதற்கு ஒரு மின்சுற்று அமைத்துத் தருக என்று நம்மிடம் கேட்கிறார்கள்.

தலைவரின் பொத்தானை a என்றும், உறுப்பினர் இருவரின் பொத்தான்களை b, c என்றும் குறிப்போம். அழுத்தியது 1; அழுத்தாதது 0. ஓர் எழுத்தின் தலையில் சிறு கோடிட்டு a' என்று எழுதினால், a என்பதன் எதிர்நிலை என்று பொருள். வாய்மொழியாகக் கேட்டதை அப்படியே எழுதினால், தலைவரும் முதல் உறுப்பினரும் இசைந்திருக்கலாம், அல்லது இருவரும் மறுத்திருக்கலாம். தலைவரும் இரண்டாம் உறுப்பினரும் இசைந்திருக்கலாம், அல்லது அவ்விருவரும் மறுத்திருக்கலாம். ஆக நான்கு துண்டுகள் வருகின்றன:

```
F = ab + a'b' + ac + a'c'
```

இந்த நான்கில் எதையேனும் நீக்கிப் பாருங்கள், சுற்று பிழைபடும். ab என்பதை நீக்கினால், தலைவரும் முதல் உறுப்பினரும் இசைந்து இரண்டாமவர் மறுக்கும்போது விளக்கு எரியாது. மற்ற மூன்றும் அவ்வாறே. ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய ஒரு வேலை இருக்கிறது. எதையும் நீக்க இயலாத இந்தக் கோவையே மிகச் சுருங்கியது என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிடுவோம். அது பிழை. இதே விளக்கை மூன்றே துண்டுகளால் எரியச் செய்யலாம். நீக்க இயலாதது வேறு, மிகக் குறைந்தது வேறு. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் வழியே இன்றைய பேச்சின் பொருள்.

நிலைகளும் தொகுதிகளும்

மூன்று பொத்தான்களுக்கு எட்டு நிலைகள் உண்டு. a, b, c ஆகியவற்றின் மதிப்புகளை அவ்வரிசையில் எழுதி, அதனை இரும எண்ணாகப் படித்தால் 000 முதல் 111 வரை, அதாவது 0 முதல் 7 வரை எண்கள் கிடைக்கும். தலைவர் மறுக்க மற்ற இருவரும் இசைவது 011, அதாவது 3. தலைவர் இசைய மற்ற இருவரும் மறுப்பது 100, அதாவது 4. இவ்விரண்டில் மட்டுமே விளக்கு அணையும். எஞ்சிய 0, 1, 2, 5, 6, 7 ஆகிய ஆறு நிலைகளிலும் எரியும்.

ஒரே ஓர் எழுத்தில் மட்டும் மாறுபடும் இரு நிலைகளை ஒன்றாகச் சேர்க்கலாம். 000, 001 ஆகிய இரண்டும் கடைசி எழுத்தில் மட்டுமே வேறுபடுவதால், அந்த எழுத்தைக் கைவிட்டு a'b' என்று எழுதினால் போதும். இவ்வாறு மேலும் சேர்க்க இயலாத அளவுக்குப் பெரிதாக்கப்பட்ட தொகுதியை ஆங்கில நூல்கள் 'பிரைம் இம்ப்ளிகண்ட்' என்று கூறும். நாம் அதனை முதன்மைத் தொகுதி என்போம்.

நம் சுற்றில் நான்கு நிலைகளைத் தழுவும் தொகுதி ஏதும் உண்டா? இல்லை. எட்டு நிலைகளையும் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளாக வைத்துப் பார்த்தால், 3, 4 ஆகியவை நேர் எதிரெதிர் மூலைகள். கனசதுரத்தின் ஒவ்வொரு முகமும் அவ்விரண்டில் ஒன்றைக் கட்டாயம் கொண்டிருக்கும். ஆதலின் முழு முகம் எதுவும் நமக்குப் பயன்படாது. கிடைப்பவையெல்லாம் விளிம்புகளே, அவை ஆறு. அவற்றை P1 முதல் P6 வரை பெயரிட்டு, எந்தத் தொகுதி எந்த நிலைகளைத் தழுவுகிறது என்று அட்டவணையாக எழுதுவோம்:

```
            0   1   2   5   6   7
P1  a'b'    x   x
P2  a'c'    x       x
P3  b'c         x       x
P4  bc'             x       x
P5  ac                  x       x
P6  ab                      x   x
```

அமெரிக்க மெய்யியலறிஞர் குவைன் 1952ஆம் ஆண்டிலும் 1955ஆம் ஆண்டிலும் எழுதிய கட்டுரைகளில் இத்தகைய சுருக்கத்திற்கு வழி வகுத்தார். எட்வர்ட் மக்ளஸ்கி என்னும் பொறியாளர் 1956இல் அதனைச் சுற்றமைப்போர் கையாளத்தக்க முறையாக ஒழுங்குபடுத்தினார். பொறியியல் மாணவர் இன்றும் இருவர் பெயரையும் இணைத்தே அம்முறையை அழைக்கின்றனர்.

அம்முறையில் முதலில் செய்ய வேண்டியது, அட்டவணையின் ஒவ்வொரு நிரலிலும் கண்ணோட்டி, ஒரே ஒரு குறி மட்டும் உள்ள நிரலைத் தேடுவது. ஒரு நிலையை ஒரே தொகுதிதான் தழுவுகிறது என்றால் அத்தொகுதியை விட முடியாது, அஃது இன்றியமையாதது. அதனை எடுத்துக்கொண்டு, அது தழுவும் நிரல்களை அடித்துவிட்டால் அட்டவணை சிறிதாகும். பெரும்பாலான பயிற்சிக் கணக்குகள் இவ்வளவிலேயே முடிந்துவிடும்.

ஆனால் நம் அட்டவணையைப் பாருங்கள். எல்லா நிரல்களிலும் இரண்டிரண்டு குறிகள். எந்தத் தொகுதியும் இன்றியமையாததன்று. ஒரு தொகுதி மற்றொன்று தழுவுவதையெல்லாம் தழுவி மேலும் ஒன்றைத் தழுவினால் சிறியதை நீக்கிவிடலாம். அதுவும் இங்கே இல்லை. ஒவ்வொரு தொகுதியும் இரண்டு நிலைகளைத் தழுவுகிறது. எந்த இரு தொகுதிகளும் ஒரே இணையைத் தழுவவில்லை. தொடங்குவதற்கு ஒரு பிடிமானமே இல்லை. இத்தகைய அட்டவணையையே சுழல் அட்டவணை என்கிறோம்.

வட்டமாக அமர்ந்த அறுவர்

அப்பெயர் ஏன் வந்தது என்பதை ஒரு காட்சியால் விளக்கலாம். 0, 1, 5, 7, 6, 2 என்ற அந்த வரிசையில் ஆறு பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அடுத்தடுத்து அமர்ந்த ஒவ்வோர் இருவருக்கும் நடுவில் ஒரு விளக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு விளக்கின் ஒளியும் அதன் இரு பக்கத்தில் இருப்பவர்க்கு மட்டுமே எட்டும். 0க்கும் 1க்கும் நடுவில் இருப்பது P1; 1க்கும் 5க்கும் நடுவில் P3; பின்னர் P5, P6, P4; இறுதியாக 2க்கும் 0க்கும் நடுவில் P2. வட்டம் நிறைவுற்றது. குறைந்தது எத்தனை விளக்குகளை ஏற்றினால் அறுவருக்கும் ஒளி கிடைக்கும்? இதுவே நம் கணக்கு.

ஒன்றுவிட்டு ஒன்றாக ஏற்றினால் மூன்று போதும் என்று பார்த்தவுடன் தெரிகிறது. P1, P5, P4 ஆகியவற்றை ஏற்றலாம். அல்லது P3, P6, P2 ஆகியவற்றை ஏற்றலாம். ஆனால் வட்டத்தை வரைந்து பாராமல் அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் எடுத்தால் என்ன நேரும்? முதலில் P1ஐ எடுக்கிறார். 0, 1 ஆகிய இரண்டும் தீர்ந்தன. அடுத்து, புதிதாக அதிக நிலைகளைத் தழுவும் தொகுதி எது என்று தேடுகிறார். P4, P5, P6 ஆகிய மூன்றுமே புதிதாக இரண்டிரண்டு நிலைகளைத் தழுவுகின்றன. மூன்றும் சமம் என்று கருதி P6ஐ எடுக்கிறார். இப்போது 6, 7 ஆகியவையும் தீர்ந்தன. எஞ்சியவர் இருவர்: 2, 5. அவ்விருவரும் மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் தனித்து அமர்ந்திருக்கின்றனர். ஒரே விளக்கு அவ்விருவருக்கும் ஒளி தராது. ஆகவே இரண்டு விளக்குகள் வேண்டும், மொத்தம் நான்கு.

அவர் 2க்கு P2ஐயும், 5க்கு P5ஐயும் எடுத்தார் என்று வையுங்கள். அப்போது கையில் இருப்பவை P1, P6, P2, P5. அதாவது a'b', ab, a'c', ac. பேச்சின் தொடக்கத்தில் வாய்மொழியை அப்படியே எழுதியபோது நமக்குக் கிடைத்த அதே நான்கு துண்டுகள் இவை! அவற்றுள் ஒன்றையும் நீக்க முடியாது என்பதைக் கண்டோம். ஆயினும் அது மிகக் குறைந்ததன்று. ஒவ்வோர் அடியிலும் அப்போதைக்கு மிகுந்த பயன் தருவதை எடுப்பது நல்ல வழிபோலத் தோன்றினாலும், சுழல் அட்டவணையில் அது நம்மைக் கைவிடக்கூடும். விடையில் மிகை எதுவும் இல்லை என்று சோதிப்பதும் பிழையைக் காட்டிக்கொடுக்காது.

கிளை பிரித்துத் தேடுதல்

முறையாகத் தேடும் வழி இரண்டு உண்டு. முதலாவது கிளை பிரித்தல். ஏதேனும் ஒரு நிரலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மிகக் குறைந்த குறிகள் உள்ள நிரலே நன்று. நாம் 0 என்னும் நிரலை எடுப்போம். அதனை P1 தழுவ வேண்டும், அல்லது P2 தழுவ வேண்டும். வேறு வழி இல்லை. எனவே எந்த விடையிலும் இவ்விரண்டில் ஒன்றேனும் இருந்தே தீரும். இரண்டையும் தனித்தனியே முயன்று பார்த்தால் எதுவும் தப்பாது.

முதற் கிளை: P1ஐ எடுத்தோம். 0, 1 ஆகிய நிரல்களை அடித்தோம். இப்போது P2க்கு எஞ்சியிருப்பது 2 மட்டுமே. P4 அந்த 2ஐயும் தழுவுகிறது, கூடவே 6ஐயும் தழுவுகிறது. ஆகையால் P2 வேண்டியதில்லை, நீக்கலாம். அவ்வாறே P3க்கு எஞ்சியது 5 மட்டும்; P5 அதனையும் 7ஐயும் தழுவுகிறது; P3ஐயும் நீக்கலாம். நீக்கியவுடன் காட்சி மாறுகிறது. 2ஐத் தழுவ P4 ஒன்றே இருக்கிறது. 5ஐத் தழுவ P5 ஒன்றே இருக்கிறது. முன்னர் இன்றியமையாதது எதுவும் இல்லாத அட்டவணையில், ஒரு முடிவு செய்தவுடன் இரண்டு தொகுதிகள் இன்றியமையாதவையாகிவிட்டன. அவற்றை எடுத்தால் 6, 7 ஆகியவையும் தீர்ந்துவிடும். விடை: P1, P4, P5.

இரண்டாம் கிளை: P2ஐ எடுத்தோம். 0, 2 ஆகியவை தீர்ந்தன. இதே போன்று P1ஐ P3 விழுங்கிவிடும். P4ஐ P6 விழுங்கிவிடும். எஞ்சிய விடை: P2, P3, P6. இதுவும் மூன்று.

```
F = a'b' + bc' + ac
F = a'c' + b'c + ab
```

இங்கே ஒரு தொகுதியை மற்றொன்று விழுங்குவதாகக் கூறி நீக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். விழுங்கும் தொகுதியின் விலை, விழுங்கப்படுவதன் விலையைவிட மிகாமல் இருக்க வேண்டும். நம் அட்டவணையில் எல்லாத் தொகுதிகளும் இரண்டெழுத்துத் தொகுதிகளே, ஆகவே கவலையில்லை. வேறோர் அட்டவணையில் விழுங்கும் தொகுதி மூன்றெழுத்து உடையதாகவும், விழுங்கப்படுவது இரண்டெழுத்து உடையதாகவும் இருக்கலாம். ஏனெனில் முன்னரே தீர்ந்த நிரல்களை அடித்த பின்பு, பெரிய தொகுதியும் சிறியதாகத் தோன்றும். எழுத்துகளின் எண்ணிக்கையையும் நாம் கணக்கில் கொள்வதானால், அங்கே அவசரப்பட்டு நீக்கியது குறைந்த விலையுள்ள விடையாக இருந்துவிடலாம்.

மாணவர் பலர் முதற் கிளையோடு நின்றுவிடுவர். விடை கிடைத்துவிட்டதே என்பது அவர்கள் எண்ணம். இந்த அட்டவணை இரு பக்கமும் ஒத்த அமைப்புடையதாதலின் அவர்களுக்கு இங்கே தீங்கு நேராது. பொதுவாக அப்படி இராது. ஒரு கிளை ஐந்து தரும். மற்றது நான்கு தரும். முதலில் எடுத்தது நம் விருப்பத்தால் எடுத்ததே அன்றி, அட்டவணை கட்டாயப்படுத்தியதன்று என்பதை நினைவிற்கொண்டு, திரும்பிச் சென்று மற்றக் கிளையையும் பார்க்க வேண்டும்.

பெட்ரிக் காட்டிய வழி

இரண்டாவது வழி, பெட்ரிக் என்பவர் 1956ஆம் ஆண்டில் காட்டியது. ஒவ்வொரு நிரலும் ஒரு நிபந்தனை என்று அவர் கொண்டார். 0 தழுவப்பட வேண்டுமானால் P1 அல்லது P2 வேண்டும். இதனை P1 + P2 என்று எழுதலாம். ஆறு நிரல்களின் நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேற வேண்டுமாதலால் அவற்றைப் பெருக்க வேண்டும்.

```
(P1+P2)(P1+P3)(P2+P4)(P4+P6)(P3+P5)(P5+P6)
```

இது வழக்கமான பெருக்கலன்று. ஒன்றை அதனாலேயே பெருக்கினால் அதுவே வரும். ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பை உள்ளடக்கியிருந்தால் நீண்டதை விட்டுவிடலாம். எனவே பொதுவான எழுத்துடைய அடைப்புகளை இணையிணையாகச் சேர்த்தால் வேலை எளிதாகும். முதலிரண்டு அடைப்புகளும் P1ஐ உடையவை; அவை P1 + P2P3 என்று சுருங்கும். அடுத்த இரண்டும் அவ்வாறே P4 வழியாகவும், கடைசி இரண்டும் P5 வழியாகவும் சுருங்கும்.

```
(P1 + P2P3)(P4 + P2P6)(P5 + P3P6)
```

இதனை விரித்தால் எட்டு உறுப்புகள் வரும். அவற்றுள் P2P3P6 என்பது தன்னை உள்ளடக்கிய நீண்ட உறுப்புகள் மூன்றையும் விழுங்கிவிடும். எஞ்சுவன ஐந்து:

```
P1P4P5 + P2P3P6 + P1P2P5P6 + P1P3P4P6 + P2P3P4P5
```

இந்த ஒரு வரி, அட்டவணையின் கதை முழுவதையும் சொல்லிவிடுகிறது. எதையும் நீக்க இயலாத விடைகள் மொத்தம் ஐந்து. அவற்றுள் இரண்டு மூன்று தொகுதிகளால் ஆனவை; மூன்று நான்கு தொகுதிகளால் ஆனவை. நாம் வாய்மொழியிலிருந்து நேராக எழுதியது P1P2P5P6 என்று நடுவில் நிற்கிறது. எந்தப் பிழையுமின்றி நடந்தும் நான்கில் வந்து நிற்கக்கூடிய மூன்று இடங்கள் இங்கே இருக்கின்றன.

பெட்ரிக் முறையின் சிறப்பு, மிகக் குறைந்த விடைகள் அனைத்தையும் ஒருங்கே தருவது. அதன் குறை, அட்டவணை பெருகும்போது உறுப்புகள் கட்டுக்கடங்காமல் பெருகுவது. ஆகவே முழு அட்டவணைக்கும் அதனைக் கையாளலாகாது. முதலில் இன்றியமையாதவற்றை எடுத்து, விழுங்கப்படுவனவற்றை நீக்கி, இனி ஒன்றும் குறையாது என்னும் நிலையில் எஞ்சும் சுழல் பகுதிக்கு மட்டுமே கையாள வேண்டும். எஞ்சிய பகுதியும் மிகப் பெரிதாக இருந்தால், உறுதியாக மிகக் குறைந்ததைக் காண்பதற்கு எல்லா நேரத்திலும் விரைவாகச் செல்லும் வழி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. பெரிய சுற்றுகளுக்கு, ஏறக்குறையக் குறைந்த விடையைத் தரும் கணிப்பொறி நிரல்களே பயன்படுகின்றன.

மூன்று சாட்சிகள்

மூன்றுக்குக் கீழே செல்ல முடியாது என்பதை எப்படி அறிவது? இரு கிளைகளையும் முழுவதும் தேடிவிட்டோம் என்பது ஒரு விடை. அதனினும் எளிய விடை உண்டு. 0, 5, 6 ஆகிய மூன்று நிலைகளைப் பாருங்கள்: 000, 101, 110. இவற்றுள் எந்த இரண்டும் இரண்டு எழுத்துகளில் வேறுபடுகின்றன. ஆதலின் எந்தத் தொகுதியும் இவற்றுள் இரண்டைத் தழுவ முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகுதி வேண்டும். ஆகவே மூன்றுக்குக் குறையாது. வட்ட மேசையில் ஒருவரையொருவர் அடுத்து அமராத மூவர் இவர்கள்.

இத்தகைய சாட்சிகளைத் தேடுவது தேடலின் தொடக்கத்திலேயே செய்யத்தக்கது. சாட்சிகள் மூன்று என்று தெரிந்த பின், மூன்று தொகுதிகளில் ஒரு விடை கிடைத்தால் அங்கேயே நிறுத்தலாம். அதற்கு மேல் தேடுவது, சமமான வேறு விடைகளும் வேண்டும் என்றால் மட்டுமே. நான்கு தொகுதிகளில் ஒரு விடை கிடைத்தால், ஐயத்திற்கு இடமிருக்கிறது என்று அறிந்து மேலும் தேட வேண்டும்.

ஆயினும் சாட்சிகளின் எண்ணிக்கை எப்போதும் இறுதி விடைக்குச் சமமாக இராது. மேசையைச் சுற்றி ஐவர் இருந்தால், ஒருவரையொருவர் அடுத்து அமராதவராக இருவரைத்தான் பொறுக்க முடியும். ஆனால் இரண்டு விளக்குகள் நால்வருக்கே ஒளி தரும்; மூன்று வேண்டும். சாட்சிகள் தருவது கீழெல்லை மட்டுமே. அதனை எட்டினால் முடிவு உறுதி. எட்டாவிட்டால் முடிவு இன்னும் திறந்தே இருக்கிறது.

எதை எடுப்பது, எப்போது எடுப்பது

நமக்கு மூன்று தொகுதி விடைகள் இரண்டு கிடைத்தன. இரண்டிலும் ஆறு எழுத்துகள். இரண்டிலும் மூன்று எழுத்துகளின் எதிர்நிலைகளும் வேண்டும். அட்டவணை இவற்றுள் ஒன்றை உயர்த்திச் சொல்லாது. சுற்றின் வேறு பகுதியில் ab என்பது ஏற்கெனவே உண்டாக்கப்பட்டிருந்தால், அதனைக் கொண்ட இரண்டாம் விடை மலிவு. bc' இருந்தால் முதல் விடை மலிவு. ஆகையால் பல வெளியீடுகள் உள்ள சுற்றில் ஒரே ஒரு விடையைக் கண்டு நிறுத்துவது நட்டம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. விளக்கு எரியும் நிலைகளைத் தழுவுவதற்குப் பதில், அணையும் நிலைகள் 3, 4 ஆகியவற்றை நோக்கி எழுதினால் இவ்வடிவம் வரும்:

```
F = (a + b' + c')(a' + b + c)
```

மூன்று தொகுதி விடைக்கு மூன்று 'அண்ட்' வாயில்களும் ஓர் 'ஆர்' வாயிலும் வேண்டும். வாயில்களில் நுழையும் கம்பிகள் ஒன்பது. இந்த அடைப்பு வடிவத்திற்கு இரண்டு 'ஆர்' வாயில்களும் ஓர் 'அண்ட்' வாயிலும் போதும், கம்பிகள் எட்டு. நாம் இவ்வளவு பாடுபட்டுக் கண்டது, துண்டுகளைக் கூட்டி எழுதும் வடிவத்தில் மிகக் குறைந்ததே அன்றி, எவ்வடிவத்திலும் மிகக் குறைந்தது அன்று. துண்டுகளுக்கென அளவான வரிசைகளைக் கொண்ட தருக்கச் சில்லு ஒன்றில் சுற்றைப் பொருத்தும்போது, நான்குக்கும் மூன்றுக்கும் உள்ள வேற்றுமை நேராகப் பயன் தரும்.

குறைத்ததற்கு ஒரு விலையும் உண்டு. முதல் விடையில், தலைவரும் இரண்டாம் உறுப்பினரும் பொத்தானை அழுத்தாமல் இருக்க, முதல் உறுப்பினர் மட்டும் அழுத்திய கையை எடுக்கிறார் என்று கொள்வோம். நிலை 2இலிருந்து 0க்கு மாறுகிறது. இரண்டிலும் விளக்கு எரிய வேண்டும். ஆனால் 2ஐத் தழுவுவது bc'. 0ஐத் தழுவுவது a'b'. b' என்பது எதிர்நிலையாக்கும் வாயிலைக் கடந்து வரச் சிறிது தாமதமாகும். அதற்குள் bc' அணைந்துவிட்டால், வெளியீடு ஒரு கணம் 0ஆகித் திரும்பும். சுவர் விளக்கில் இது கண்ணுக்குத் தெரியாது. அதே கம்பி ஓர் எண்ணியை இயக்கினால், எண்ணி ஒன்று கூடுதலாக எண்ணிவிடக்கூடும். அவ்விடத்தில், நாம் நீக்கிய P2ஐ மீண்டும் சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை. எந்த ஒரு பொத்தான் மாறினாலும் இந்த இடர் நேரக்கூடாது என்றால் ஆறு தொகுதிகளும் வேண்டும்.

இறுதியாக, தேடத் தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. எட்டு நிலைகளும் உண்மையில் நேர்பவையா? உறுப்பினர் இருவரும் இசைந்ததைத் தலைவர் மறுக்க விதியில் இடமில்லை என்று குழுவினர் சொல்லுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிலை 3 ஒருபோதும் வாராது. அங்கே விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் ஒன்றே. அந்த ஒரு மூலையைச் சேர்த்துக்கொள்ள உரிமை கிடைத்தவுடன், கனசதுரத்தின் மூன்று முகங்கள் முழுமையாகின்றன: a', b, c. முன்பிருந்த ஆறு விளிம்புகளும் இம்முகங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. புதிய அட்டவணையில் 0ஐத் தழுவுவது a' ஒன்றே; 6ஐத் தழுவுவது b ஒன்றே; 5ஐத் தழுவுவது c ஒன்றே. மூன்றும் இன்றியமையாதவை.

```
F = a' + b + c
```

நம் மூன்று சாட்சிகளே மீண்டும் வந்து மூன்று தொகுதிகளையும் சுட்டிக்காட்டுகின்றன. தேர்ந்தெடுப்பதற்கு இனி ஒன்றுமில்லை, சுழல் அறுந்துவிட்டது. கிளை பிரித்தோ பெருக்கியோ விடை காணுமுன், சுற்றைக் கேட்டவரிடம் சென்று, நேராத நிலை ஏதேனும் உண்டா என்று விசாரித்து வருவது, பல பக்கக் கணக்கை மிச்சப்படுத்தும்.